புதிய பள்ளிச் சின்னமும் குறிக்கோள் வாசகமும்: அசெம்பிளியில் முதல்வர் ஆற்ற வேண்டிய உரையைத் தயாரிக்க முழுமையான வழிகாட்டி

இந்த உரையை முதல்வரே எழுதினாலும் சரி, அவருக்காக ஓர் ஆசிரியர் எழுதிக் கொடுத்தாலும் சரி, சிக்கல் வருவது ஒரே இடத்தில்தான். கேட்பவர்கள் இரண்டு வகை. முன்னால் நிற்கும் பிள்ளைகளுக்குப் படம் வேண்டும். பின்னால் இருக்கும் பெற்றோருக்கு, இதனால் தங்களுக்கு என்ன செலவு என்று தெரிய வேண்டும். எழுதுபவர்களோ சின்னத்தின் தத்துவத்தில் மூழ்கி இரண்டையும் விட்டுவிடுகிறார்கள்.

கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள். உதாரணத்துக்கு ஒரு கற்பனைப் பள்ளியை எடுத்துக்கொண்டிருக்கிறேன். அதன் பழைய சின்னம் ஒரு கேடயம்; அதற்குள் திறந்த புத்தகமும் அதன் மேல் ஒரு விளக்கும். புதிய சின்னம் ஒரு வட்டம். அதற்குள் பாதி திறந்த கதவு, வாசற்படியில் அதே விளக்கு, வெளிச்சம் வெளியே விழுகிறது. புதிய வாசகம்: “துணிந்து கேள், தெளிந்து செய்.”

## 1. எழுத உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் வேண்டியது, சின்னத்தின் இறுதி வடிவம். “கிட்டத்தட்ட முடிந்துவிட்டது” என்ற நிலையில் உரையை எழுதத் தொடங்காதீர்கள். கதவு இடப்பக்கம் திறக்கிறதா வலப்பக்கமா என்பது கடைசி நாளில் மாறினால், உரையில் அதைச் சொன்ன வரி பொய்யாகிவிடும்.

இரண்டாவது, வரைந்தவரோடு ஒரு சின்னப் பேச்சு. எது எதற்காக வரையப்பட்டது, எது வெறும் அழகுக்காகச் சேர்ந்தது என்று நேரடியாகக் கேளுங்கள். ஓரத்தில் இருக்கும் 12 புள்ளிகள் இடத்தை நிரப்ப வைத்தவை என்றால், அவற்றுக்கு உரையில் அர்த்தம் கற்பிக்க வேண்டாம். வரைந்தவர் அரங்கிலேயே இருப்பார், ஆசிரியர்களில் சிலருக்கும் உண்மை தெரியும்.

மூன்றாவதுதான் பெரும்பாலும் விட்டுப்போகிறது: மாற்றம் குறித்த நிர்வாகத்தின் எழுத்துபூர்வமான முடிவு. பழைய பேட்ஜ் எதுவரை செல்லும்? சீருடை மாறுகிறதா? டைரி, அடையாள அட்டை, சான்றிதழ்த் தாள் ஒவ்வொன்றும் எப்போது மாறும்? இவற்றுக்குத் தேதியோடு பதில் இல்லாமல் உரையை எழுதினால், அந்த இடங்களில் “விரைவில்”, “படிப்படியாக” போன்ற சொற்கள் வந்து உட்கார்ந்துகொள்ளும். பெற்றோர் காதில் “படிப்படியாக” என்பது “இன்னும் முடிவாகவில்லை, ஆனால் செலவு உண்டு” என்றே விழும்.

## 2. வாசகத்தை வாயால் சோதித்துவிடுங்கள்

வாசகத்தைத் தாளில் மட்டுமே பார்த்திருப்பீர்கள். மேடையில் அது காதுக்குத்தான் போகிறது. மைக்கில் ஒருமுறை சொல்லிப் பார்த்து, மைதானத்தின் கடைசி வரிசையில் நிற்பவருக்கு எப்படிக் கேட்டது என்று எழுதித்தரச் சொல்லுங்கள். “தெளிந்து” என்பது “தெரிந்து” என்று எழுதப்பட்டு வந்தால், அந்தச் சொல்லை இன்னும் நிறுத்திச் சொல்ல வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

எழுத்தைத் தமிழாசிரியர் ஒருவர் ஒற்று உட்படப் பார்த்துக் கையெழுத்திடட்டும். பேனரில் இருப்பதும் கடிதத்தில் இருப்பதும் முதல்வர் கையிலுள்ள தாளில் இருப்பதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். காற்புள்ளி ஓரிடத்தில் இருந்து இன்னோரிடத்தில் இல்லையென்றால், அதைக் கண்டுபிடித்துச் சொல்ல ஒரு பெற்றோர் நிச்சயம் வருவார்.

கேலி செய்ய இடமிருக்கிறதா என்பதையும் இப்போதே பாருங்கள். எந்த வாசகமானாலும் ஒன்பதாம் வகுப்பின் பின்பெஞ்சு அரை மணி நேரத்தில் அதற்கு ஒரு மாற்று வாசகம் தயாரித்துவிடும். அதைத் தடுக்க முடியாது. ஆனால் சின்னத்தைத் தலைகீழாகவோ தூரத்திலிருந்தோ பார்த்தால் வேறு ஏதாவது போல் தெரிகிறதா என்று நாலைந்து பேரிடம் காட்டிக் கேட்டுவிடலாம். உரைக்கு முன் தெரிந்தால் திருத்தலாம். உரைக்குப் பின் தெரிந்தால் அதுவே சின்னத்தின் பெயராக நிலைத்துவிடும்.

## 3. நேரத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

ஆறு நிமிடம். ஏழு என்பது உச்ச வரம்பு.

பிள்ளைகள் நின்றுகொண்டிருக்கிறார்கள், அதுதான் காரணம். சின்ன வகுப்புகள் நான்காவது நிமிடத்திலேயே நெளியத் தொடங்கும். அந்தச் சலசலப்பு பின்வரிசைக்குப் பரவினால் பெற்றோருக்கும் எதுவும் கேட்காது.

மைதானத்தில் மைக் வைத்து நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 80 சொற்கள் போகும். அறைக்குள் பேசும் வேகம் இங்கே உதவாது. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் வேகத்தில் போகிறது. எதிரே 40 மீட்டரில் ஒரு கட்டடச் சுவர் இருந்தால், நீங்கள் சொன்ன சொல் சுவரில் பட்டுக் கால் நொடிக்குள் திரும்பி வந்து அடுத்த சொல்லின் மேல் விழும். அதனால்தான் திறந்தவெளியில் வாக்கியத்துக்கு வாக்கியம் ஒரு மூச்சு நிறுத்த வேண்டியிருக்கிறது.

ஆக, திரை விலகும் நேரத்தையும் கைதட்டலையும் கழித்துவிட்டால், உங்களிடம் இருப்பது 400 சொற்கள்தான். இந்த எண்ணைத் தாளின் மேல் எழுதி வைத்துக்கொண்டு தொடங்குங்கள். பிறகு வெட்டிக்கொள்ளலாம் என்று 900 சொல் எழுதினால் வெட்ட மனசு வராது. வேகமாகப் பேசி முடித்துவிடலாம் என்றே தோன்றும்.

## 4. பேசும் வரிசையை முடிவு செய்யுங்கள்

நான் பரிந்துரைக்கும் வரிசை இது. வணக்கம், உடனே பெற்றோருக்கான ஒரு வரி, பழைய சின்னம், திரை விலகல், புதிய சின்னத்தின் விளக்கம், வாசகமும் ஒரு சம்பவமும், நாளை முதல் என்ன மாறும், முடிவு.

பழக்கமான வரிசை இதற்கு நேர் எதிரானது. சின்னத்தின் பொருளை எல்லாம் விளக்கிவிட்டுக் கடைசியில் திரையை விலக்குவார்கள். பார்க்க நாடகத்தனமாக இருக்கும் என்ற நினைப்பு. ஆனால் பார்க்காத படத்தைப் பற்றிய விளக்கம் யார் மனதிலும் தங்காது. “வட்டத்துக்குள் கதவு, கதவுக்குள் விளக்கு” என்று கேட்கும்போது ஒவ்வொரு பிள்ளையும் தனக்குத் தெரிந்த ஒரு கதவைக் கற்பனை செய்துகொள்கிறது. திரை விலகியதும் அதுவும் இதுவும் ஒத்துவராத ஏமாற்றம்தான் முகத்தில் தெரியும். முதலில் காட்டுங்கள். பிறகு பேசுங்கள்.

எழுதும் வரிசை வேறு. கடைசியில் வரும் நடைமுறைப் பகுதியை முதலில் எழுதுங்கள். அதுதான் தவறில்லாமல் இருந்தே ஆக வேண்டிய பகுதி. தொடக்கத்தைக் கடைசியில் எழுதுங்கள். எதற்கு வாசல் வைக்கிறோம் என்று அப்போதுதான் தெரிந்திருக்கும்.

## 5. நடைமுறைப் பகுதி

இதில் மூன்று அல்லது நான்கு வாக்கியம் போதும். எல்லாவற்றையும் மேடையில் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. தேதிகளும் விதிவிலக்குகளும் கடிதத்தில் போகட்டும். மேடையில் சொல்ல வேண்டியது, கடிதம் கைக்கு வரும்வரை பெற்றோர் கவலைப்படாமல் இருக்கத் தேவையான அளவு.

உதாரணப் பள்ளிக்கு இப்படி எழுதலாம்:

> “நாளை நீங்கள் எல்லாரும் இதே பேட்ஜோடுதான் வரப்போகிறீர்கள். பழைய பேட்ஜ் கிழியும் வரை, அல்லது சட்டை சின்னதாகும் வரை அதையே போட்டுக்கொள்ளலாம். புதிய டைரியில் புதிய சின்னம் இருக்கும். இதுவரை நாம் கொடுத்த சான்றிதழ்கள் எல்லாம் எப்போதும்போல் செல்லும். மற்ற விவரங்கள் இன்று உங்கள் கையில் கொடுக்கும் கடிதத்தில் இருக்கின்றன.”

சான்றிதழ் பற்றிய அந்த வரியைப் பலர் தேவையில்லை என்று நினைப்பார்கள். ஆனால் வேறு ஊருக்கு மாறப்போகும் குடும்பமும் மேற்படிப்புக்கு விண்ணப்பித்திருக்கும் மாணவரும் அதைத்தான் கேட்கக் காத்திருப்பார்கள். ஒரு வரியில் முடிகிற விஷயத்துக்கு அலுவலக வாசலில் வரிசை நிற்க வேண்டாமே.

சீருடை உண்மையிலேயே மாறுகிறது, செலவு உண்டு என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். எப்போது, எந்த வகுப்புக்கு, வாங்க முடியாதவர்கள் யாரைப் பார்க்க வேண்டும் என்ற மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். மூன்றாவது இல்லாமல் முதல் இரண்டைச் சொல்லக் கூடாது.

## 6. வாசகத்துக்கு ஒரே ஒரு சம்பவம்

வாசகத்தைச் சொல்லுக்குச் சொல் பிரித்துப் பொழிப்புரை சொல்வது, எனக்குத் தெரிந்தவரை, இந்த உரைகளில் அதிகம் நடக்கும் தவறு. “துணிவு என்றால் என்ன? துணிவு என்பது…” என்று தொடங்கிய உடனே பிள்ளைகள் முகத்தில் வகுப்பறை வந்துவிடும். அதற்குப் பதில், வாசகம் உங்கள் பள்ளியில் ஏற்கெனவே ஒருநாள் நடந்திருக்கிறது என்று காட்டுங்கள்.

அப்படி ஒரு சம்பவத்தைத் தேட ஆசிரியர்களிடம் கேட்க வேண்டும். கேட்கும் விதம் முக்கியம். “நம் வாசகத்துக்குப் பொருத்தமான சம்பவம் இருக்கிறதா?” என்று கேட்டால், போட்டியில் பரிசு வாங்கிய கதைகள் வரும். “சமீபத்தில் ஒரு பிள்ளை கேட்ட கேள்வியால் நீங்கள் செய்துகொண்டிருந்ததை நிறுத்தித் திருப்பிச் செய்தீர்களா?” என்று கேளுங்கள். நல்ல சரக்கு வரும்.

உதாரணப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர் சொன்னது இது. வில் தராசில் எடை பார்க்கும் பாடம். பாதி வகுப்பு அளவுகளை எழுதி முடித்துவிட்டது. ஒரு மாணவி கையைத் தூக்கி, “மிஸ், இதுல ஒண்ணுமே தொங்க விடலயே, முள் ஏன் 20-ல நிக்குது?” என்றாள். ஆசிரியர் பார்த்தார். வெறும் தராசே 20 கிராம் காட்டிக்கொண்டிருந்தது. எழுதிய எல்லா அளவும் 20 கிராம் கூடுதல். முள்ளைப் பூஜ்யத்துக்குத் திருத்திவிட்டு எல்லாரும் முதலிலிருந்து அளந்தார்கள்.

இதில் வாசகத்தின் இரண்டு பாதியும் இருக்கின்றன. அவள் கேட்டாள், வகுப்பு தெளிந்து திரும்பச் செய்தது. அதிலும், தவறு அளவுகளில் இருந்தது என்று ஆசிரியரே ஒப்புக்கொண்டது பெற்றோர் மனதில் நிற்கும். உரையில் இது இப்படிச் சுருங்கும்:

> “ஏழாம் வகுப்பில் ஒருநாள் வில் தராசில் எடை பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் மும்முரமாக எழுதுகிறார்கள். ஒரு மாணவி மட்டும் கையைத் தூக்கினாள். ‘ஒன்றுமே தொங்கவிடவில்லையே, முள் ஏன் 20-இல் நிற்கிறது?’ என்று கேட்டாள். ஆசிரியர் பார்த்தார். அவள் சொன்னது சரி. அன்று வகுப்பு மொத்தமும் அளந்ததை அடித்துவிட்டு மறுபடி அளந்தது. நம் வாசகம் இதுதான். துணிந்து கேள், தெளிந்து செய்.”

மாணவியின் பெயர் வேண்டாம். மேடையில் பெயர் சொல்லப்பட்ட பிள்ளைக்கு அடுத்த ஒரு மாதம் வாசகமே பட்டப்பெயராகிவிடும். பெயர் சொல்லாவிட்டாலும், அந்த வகுப்புக்கு யார் என்று தெரியும். ஆகவே உரைக்கு முன்பே அவளிடமும் வீட்டாரிடமும் சொல்லிச் சம்மதம் வாங்கிவிடுங்கள். ஆசிரியரிடமும்தான். தராசு சரியாக இல்லாதது அவருடைய வகுப்பில். அவர் சிரித்துக்கொண்டே சரி என்றால் மட்டும் பயன்படுத்துங்கள்.

வாசகம் வேற்று மொழியிலோ பழைய செய்யுள் வரியாகவோ இருந்தால், முதலில் எளிய தமிழில் ஒருமுறை பொருளைச் சொல்லிவிட்டு நேரே சம்பவத்துக்குப் போய்விடுங்கள். வரலாறு, எங்கிருந்து எடுத்தோம் என்பதெல்லாம் கடிதத்தின் பின்பக்கத்தில் இருக்கட்டும்.

## 7. சின்னத்தில் மூன்று விஷயம் மட்டும்

சின்னத்தில் ஒன்பது கூறுகள் இருக்கலாம். மூன்றைச் சொல்லுங்கள். நான்காவது வந்ததும் முதலாவது போய்விடும்.

எந்த மூன்று? மாறாமல் இருப்பது ஒன்று. புதிதாக வந்தது ஒன்று. பிள்ளை தானே வரையும்போது விட்டுவிடக்கூடியது ஒன்று. உதாரணப் பள்ளிக்கு விளக்கு, கதவு, வெளியே விழும் வெளிச்சம். மாறாததை முதலில் சொல்வது பழைய மாணவர்களான பெற்றோருக்காக. தங்களுடைய விளக்கு அங்கேயே இருக்கிறது என்று தெரிந்தால் மீதியைப் பொறுமையாகக் கேட்பார்கள்.

> “விளக்கைப் பாருங்கள். பழைய சின்னத்தில் இருந்த அதே விளக்குதான். முன்பு புத்தகத்தின் மேல் இருந்தது, இப்போது வாசற்படியில் இருக்கிறது. பக்கத்தில் ஒரு கதவு. அது முழுதாகத் திறக்கவில்லை, பாதிதான் திறந்திருக்கிறது. மீதியை நீங்கள் தள்ளித் திறக்க வேண்டும். இப்போது வெளிச்சம் எந்தப் பக்கம் விழுகிறது என்று பாருங்கள். உள்ளே இல்லை, வெளியே, தெருப்பக்கம்.”

இந்தப் பத்தியில் ஒவ்வொரு வாக்கியமும் கண்ணால் சரிபார்க்கக்கூடியது. “பாருங்கள்” என்றதும் பிள்ளைகள் பார்ப்பார்கள், சொன்னது அங்கே இருக்கும். நிறங்களின் பொருள் இப்படி இல்லை. நீலம் ஆழத்தைக் குறிக்கிறது, மஞ்சள் அறிவைக் குறிக்கிறது என்பதை யாராலும் சரிபார்க்க முடியாது. அதே நீலத்துக்கு வானம், கடல், அமைதி, நம்பிக்கை என்று எதையும் சொல்லலாம் என்பது எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரியும். நிறம் பழையதுதான் என்றால் அதை மட்டும் சொல்லுங்கள். மாறியிருந்தால் ஏன் என்ற உண்மையான காரணத்தைச் சொல்லுங்கள். துணியில் தைக்கும்போது பழைய ஏழு நிறமும் கலங்கித் தெரிந்தது என்பது மிக நல்ல காரணம். எந்தத் தத்துவமும் தேவையில்லை.

## 8. பழைய சின்னத்துக்கு மரியாதையாக ஒரு பத்தி

புதியதை உயர்த்தப் பழையதைத் தாழ்த்தக் கூடாது. “காலத்துக்கு ஒவ்வாத”, “பழமையான வடிவம்” போன்ற சொற்கள் தாளில் இருந்தால் இப்போதே அடித்துவிடுங்கள். கூட்டத்தில் அந்த பேட்ஜைச் சட்டையில் குத்திக்கொண்டு படித்த பெற்றோர் இருக்கிறார்கள். அதைப் போட்டுக்கொண்டே பிள்ளைகளும் எதிரில் நிற்கிறார்கள்.

பழையது இனி எங்கே இருக்கும் என்று ஓர் இடத்தைச் சொல்லுங்கள். நூலக வாசலிலோ பழைய கட்டடத்தின் முகப்பிலோ அது இருக்கப் போகிறது என்றால் அந்த ஒரு தகவல் பத்து வாக்கியப் புகழ்ச்சிக்கு மேல். ஆனால் நிர்வாகம் உண்மையிலேயே முடிவு செய்திருக்க வேண்டும். முகப்பை மறுமாதம் இடித்துவிட்டால் சொன்னது நினைவில் நிற்கும், நல்ல விதமாக அல்ல.

## 9. தொடக்கம்

வரவேற்புப் பட்டியல் முதல்வர் உரையில் வர வேண்டாம். நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கும் ஆசிரியர் அதைச் சொல்லிவிடட்டும். முதல்வர் வந்ததும் வணக்கம், இன்று என்ன, உடனே பெற்றோருக்கான அந்த வரி.

> “பிள்ளைகளே, பெற்றோர்களே, எல்லாருக்கும் காலை வணக்கம். இன்று நம் பள்ளிக்கு ஒரு புதிய சின்னமும் ஒரு புதிய வாசகமும் வருகின்றன. பெற்றோருக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இதற்காக இந்த ஆண்டு நீங்கள் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. இனி நிம்மதியாகப் பாருங்கள்.”

இந்த இடத்தில் சின்னச் சிரிப்பு வரும். அப்புறம்தான் பின்வரிசை கேட்கத் தொடங்கும். செலவுக் கேள்விக்குப் பதில் தெரியும்வரை பெற்றோர் காது வேறெதற்கும் திறக்காது என்பதால்தான் இதை இவ்வளவு முன்னால் வைக்கிறோம்.

விளிப்பதில் ஒரு கவனம். ஒவ்வொரு பத்தியிலும் “அன்பார்ந்த பெற்றோர்களே, மாணவச் செல்வங்களே” என்று மாறி மாறி அழைத்தால் யாரிடம் பேசுகிறார் என்றே தெரியாமல் போகும். பெற்றோரை இரண்டே இடத்தில் அழையுங்கள்: இங்கே ஒருமுறை, கடிதத்தைப் பற்றிச் சொல்லும்போது ஒருமுறை. நடுவில் எல்லாம் பிள்ளைகளிடம் பேசுங்கள். மூன்றாம் வகுப்புக்குப் புரிவது பெற்றோருக்கும் புரியும். பெற்றோருக்கென்று எழுதியது மூன்றாம் வகுப்புக்குப் புரியாது.

## 10. திரை விலகும் ஏற்பாடு

உரை எவ்வளவு நன்றாக இருந்தாலும் துணி சிக்கிக்கொண்டால் அன்று எல்லாரும் பேசப்போவது துணியைப் பற்றித்தான்.

முதலில் அளவு. தூரத்திலிருந்து எளிதாகப் படிக்க, ஒவ்வொரு 3 மீட்டருக்கும் எழுத்து சுமார் 2.5 செ.மீ. உயரம் வேண்டும் என்பது பேனர் எழுதுபவர்களுக்குப் பழக்கமான கணக்கு. கடைசி வரிசை 30 மீட்டரில் இருந்தால் எழுத்து 25 செ.மீ. இருக்க வேண்டும். சுழியும் கொம்பும் உள்ள தமிழ் எழுத்துக்கு இதில் குறைத்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது சின்னத்துக்குள் இருக்கும் வாசகத்தைப் பாருங்கள். வழக்கமாக அங்கே எழுத்தின் உயரம் சின்னத்தின் பதினைந்தில் ஒரு பங்குகூட இருக்காது. 25 செ.மீ. எழுத்து வர வேண்டுமானால் சின்னமே நான்கு மீட்டர் உயரம் வேண்டும். நடக்காது. அதனால் சின்னத்தை ஒரு பலகையிலும் வாசகத்தைத் தனியாக நீண்ட பேனரிலும் வையுங்கள். இரண்டையும் தனித்தனியே திறக்கலாம் என்ற வசதியும் இதில் கிடைக்கிறது. சின்னத்தைப் பற்றிப் பேசும்போது வாசகம் மூடியிருக்கட்டும். இல்லாவிட்டால் பிள்ளைகள் அதைப் படித்துக்கொண்டிருப்பார்கள், விளக்கையும் கதவையும் பார்க்க மாட்டார்கள்.

காலை வெயிலில் புரொஜெக்டர் திரையில் ஒன்றும் தெரியாது. உள்ளரங்கம் இல்லையென்றால் அச்சிட்ட பலகைதான்.

துணியை முடிச்சுப் போட்டுக் கட்டாதீர்கள். மேலே ஒரு கம்பியில் மடித்துத் தொங்கவிட்டு, கயிற்றை இழுத்தால் முழுதும் கீழே விழும்படி வையுங்கள். காற்று அடிக்கும் இடமென்றால் துணியின் கீழ் ஓரத்தில் ஒரு கட்டையைத் தைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் முன்கூட்டியே தூக்கிக் காட்டிவிடும். கயிறு இழுப்பவருக்கு உரையின் எந்தச் சொல் வந்ததும் இழுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். “இப்போது” போன்ற சொல்லை அடையாளமாக வைக்க வேண்டாம், அது உரையில் நாலு இடத்தில் வரும். “திரையை விலக்கலாமா?” என்ற கேள்வி நல்லது. பிள்ளைகள் பதில் சொல்லுவார்கள், இழுப்பவருக்கும் குழப்பமில்லை.

துணி சிக்கினால் என்ன செய்வது? மேடையின் பக்கத்தில் இரண்டு மாணவர்கள் சின்னம் அச்சிட்ட அட்டையோடு தயாராக நிற்கட்டும்.

## 11. ஒத்திகை

இரண்டு ஒத்திகை. ஒன்று அறைக்குள், கடிகாரம் வைத்து. இன்னொன்று மைதானத்தில், மைக்கும் கயிறும் வைத்து, பிள்ளைகள் போன பிறகு. மைதானத்தில் கூடுதலாக எவ்வளவு நேரம் ஆகிறதோ அவ்வளவுக்கு உரையை வெட்டுங்கள். வெட்ட வேண்டிய முதல் இடம் நன்றி. குழுவினர் பெயர்கள் எல்லாம் கடிதத்தில் வரட்டும்.

இதோடு ஒரு சோதனை. சின்னத்தைப் பற்றி எதுவும் தெரியாத ஓர் ஆறாம் வகுப்புப் பிள்ளையை, ரகசியம் காக்கக்கூடிய ஆசிரியர் ஒருவரின் பிள்ளையாகப் பார்த்து, படத்தைக் காட்டி உரையைக் கேட்க வையுங்கள். மறுநாள், “வீட்டில் கேட்டால் என்ன சொல்லுவாய்?” என்று கேளுங்கள். “அந்த விளக்கு வாசலுக்கு வந்துடுச்சு, தராசு தப்பா இருந்துச்சு, பேட்ஜ் மாத்த வேணாம்” என்று வந்தால் உரை வேலை செய்கிறது. “ஏதோ நல்லா படிக்கணும்னு சொன்னாங்க” என்று வந்தால் ஆறாம், ஏழாம் படிகளுக்குத் திரும்பிப் போங்கள்.

## 12. முன்தினம்

ஆசிரியர்களுக்கும் அலுவலகத்தாருக்கும் வாசல் காவலருக்கும் முன்தினம் மாலையே சொல்லிவிட வேண்டும். பெற்றோரின் முதல் கேள்வி மேடைக்கு வராது. வாசலில் நிற்பவரிடம்தான் போகும். “எனக்கும் இப்பத்தான் தெரியும்” என்று அவர் சொன்னால் மேடையில் சொன்னது அங்கேயே வலுவிழந்துவிடும். கடிதத்தின் நகல் ஒன்று அவர் கையிலும் இருக்கட்டும்.

அதே சமயம் புதிய டைரிக் கட்டுகளும் பலகையும் பிள்ளைகள் கண்ணில் படாத அறையில் பூட்டியிருக்க வேண்டும். ஒரு பிள்ளை கைப்பேசியில் எடுத்த மங்கலான படம் முன்னிரவே பெற்றோர் குழுவில் சுற்றிவிட்டால், மறுநாள் உரை அறிமுகமாக இருக்காது, விளக்கம் சொல்வதாகிவிடும். அப்படி நடந்துவிட்டால் தொடக்கத்தில் ஒரு வரியைச் சேருங்கள்: “சிலர் நேற்றே பார்த்துவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். அது மங்கலாக இருந்தது. இப்போது நன்றாகப் பாருங்கள்.” கோபமோ விசாரணையோ மேடையில் வேண்டாம்.

## 13. மேடையில்

திரை விலகியதும் பேசாதீர்கள். மனதுக்குள் பத்து எண்ணுங்கள். கைதட்டலும் சத்தமும் வரும், பக்கத்தில் இருப்பவரிடம் காட்டிப் பேசுவார்கள். அது அடங்கி, தலைகள் மறுபடி உங்கள் பக்கம் திரும்பியதும் “விளக்கைப் பாருங்கள்” என்று தொடங்குங்கள். இந்தப் பத்து எண்ணிக்கை மேடையில் நிற்பவருக்கு யுகமாகத் தெரியும். அதனால்தான் பலர் கைதட்டலின் மேலேயே பேசத் தொடங்கி முதல் இரண்டு வாக்கியத்தை இழக்கிறார்கள்.

அடுத்து, விளக்கும்போது திரும்பிச் சின்னத்தைப் பார்த்துப் பேசாதீர்கள். மைக்கிலிருந்து வாய் விலகிவிடும். கையால் காட்டுவதை ஒரு மாணவர் நீண்ட குச்சியோடு பக்கத்தில் நின்று செய்யட்டும்.

வாசகத்தை மொத்தக் கூட்டமும் மூன்றுமுறை உரக்கச் சொல்ல வைக்கும் பழக்கம் உண்டு. நான் இதை விரும்புவதில்லை. “துணிந்து கேள்” என்பதைக் கட்டளைக்குக் கட்டுப்பட்டுக் கத்துவதில் ஏதோ இடிக்கிறது. கட்டாயம் வேண்டுமென்றால் ஒரே ஒருமுறை: முதல் பாதியை முதல்வர் சொல்ல, இரண்டாம் பாதியைப் பிள்ளைகள் சொல்லட்டும்.

## 14. அன்று மாலைக்குள்

கடிதம் அன்றே வீட்டுக்குப் போக வேண்டும். ஒரு பக்கம் போதும். மேலே சின்னமும் வாசகமும், கீழே எது எப்போது மாறும் என்ற சிறு அட்டவணை, கேள்வி இருந்தால் யாரைப் பார்க்கலாம் என்ற வரி. மேடையில் சொன்ன அதே சொற்களையே கடிதத்திலும் பயன்படுத்துங்கள். மேடையில் “சட்டை சின்னதாகும் வரை” என்று சொல்லிவிட்டுக் கடிதத்தில் “இக்கல்வியாண்டு இறுதிவரை” என்று எழுதினால், எது சரி என்று கேட்டு மறுநாள் காலை தொலைபேசி ஓயாது.

அன்று விடுப்பில் இருந்த பிள்ளைகளின் பட்டியலை வகுப்பாசிரியர்களிடம் வாங்கி, அவர்களுக்கும் கடிதம் போவதை அலுவலகத்தில் ஒருவர் பொறுப்பாகப் பார்க்கட்டும்.